விழா விளம்பரக் குரல்: 30 விநாடிக்குள் எதைச் சொல்வது, எதை விடுவது?

மேடைப்பொறுப்பு | ஜனவரி 19, இரவு 9.10

திருநெல்வேலி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. பிப்ரவரி 19 முதல் 21 வரை கலாசார விழா. கடைசி நாள், 21ஆம் தேதி சனிக்கிழமை, மைதானத்தில் இசை நிகழ்ச்சி. விளம்பரப் பொறுப்பு என்னிடம். 30 விநாடிக் குரல் பதிவு ஒன்று வேண்டும். அதையே ரீல்ஸுக்கும் எஃப்எம்முக்கும் ஆட்டோ அறிவிப்புக்கும் போடலாம் என்று திட்டம். கலைஞர்கள் பெயரை இன்னும் வெளியிடக் கூடாது, அதனால் கோடு போட்டிருக்கிறேன்.

"வணக்கம்! தென் தமிழகத்தின் தலைசிறந்த கல்வி நிறுவனங்களில் ஒன்றான நமது கல்லூரி பெருமையுடன் வழங்கும் மாபெரும் கலாசாரத் திருவிழா! மூன்று நாள் கொண்டாட்டம், முப்பதுக்கும் மேற்பட்ட போட்டிகள், லட்சக்கணக்கில் பரிசுகள்! இறுதி நாளில் உங்கள் அபிமானப் பின்னணிப் பாடகர் ____ மற்றும் ____ இசைக்குழுவினர் வழங்கும் பிரம்மாண்ட இன்னிசை இரவு! உடன் டிஜே ____! பிப்ரவரி 19 முதல் 21 வரை. டிக்கெட் ரூ.299 முதல். சில டிக்கெட்டுகளே மீதம்! முந்துங்கள்! முதலில் வருபவர்களுக்கே முன்னுரிமை! அனைவரும் வாரீர்!"

அறுபது சொல்கூட இல்லை. ஆனால் யார் வாசித்தாலும் 40 விநாடியைத் தாண்டுகிறது. எதை வெட்டுவது?

வேகநடை | ஜனவரி 19, இரவு 9.35

30 விநாடிக்கு 75 சொல் என்பதுதான் விளம்பரத் துறைக் கணக்கு ப்ரோ. உங்கள் ஆள் மெதுவாக வாசிக்கிறார். எடிட்டிங்கில் 1.25 வேகம் வைத்தால் சரியாகிவிடும். "சில டிக்கெட்டுகளே" என்பதற்குப் பதில் "கடைசி 50 டிக்கெட்" என்று போடுங்கள், எண் இருந்தால்தான் வேலை செய்யும். பின்னால் ஒரு ஹிட் பாட்டு ஓடட்டும். 30 விநாடிக்குள் என்றால் காப்புரிமைப் பிரச்சினை வராது.

கச்சேரிப்பிரியன் | ஜனவரி 20, காலை 6.20

எங்கள் ஊர் சபாவிலும் இதே தலைவலிதான் தம்பி. நோட்டீஸில் வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் என்று வரிசையாகப் போட வேண்டும். ஒருவர் பெயர் விட்டுப்போனால் மனவருத்தம். அன்பளிப்புக் கொடுத்தவர்களின் பெயர் கீழே பொடி எழுத்தில். இடம் போதவில்லை என்றால் நோட்டீஸைப் பெரிதாக அடித்துவிடுவோம். அனுமதி இலவசம் என்பதை மட்டும் மேலே கொட்டை எழுத்தில் போடுங்கள், கூட்டம் தானாக வரும். நீங்கள் எந்த அச்சகத்தில் அடிக்கிறீர்கள்?

மேடைப்பொறுப்பு | ஜனவரி 20, காலை 8.05

ஐயா, இது அச்சு நோட்டீஸ் இல்லை, குரல் பதிவு. பெரிதாக்க வழியில்லை, 30 விநாடிதான். அனுமதியும் இலவசம் இல்லை.

குரல்பதிவு | ஜனவரி 20, இரவு 11.15

எஃப்எம்மில் பல வருஷம் ஸ்பாட் எழுதிக் குரல் கொடுத்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 75 சொல் கணக்கு. அது ஆங்கிலத்துக்கு. "நிறுவனங்களில்", "மேற்பட்ட", "வருபவர்களுக்கே" எல்லாம் தமிழில் ஒவ்வொரு சொல். வாயில் மூன்று ஆங்கிலச் சொல்லுக்கான நேரத்தைத் தின்னும். விளம்பரக் குரலில், கேட்பவர் மனதில் பதியும்படி சொன்னால் 30 விநாடிக்குத் தமிழில் 45 சொல், நல்ல பேச்சுத் தமிழாக இருந்தால் 50. அதற்கு மேல் எழுதினால் வாசிப்பவர் மூச்சு விடாமல் ஓட வேண்டும். வேகத்தைக் கூட்டினால் முதலில் அடிபடுவது எண்களும் பெயர்களும்தான். உங்களுக்கு வேண்டியதே அந்த இரண்டும். தாளில் எண்ணிப் பார்ப்பதைவிட, ஃபோனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு சத்தமாக வாசியுங்கள். மனதுக்குள் வாசித்தால் எப்போதும் நேரம் குறைவாகத்தான் காட்டும்.

இரண்டாவது, வரிசை. உங்கள் ஸ்கிரிப்டில் பாடகர் பெயர் வருவதற்கு முன் 28 சொல் இருக்கிறது. அதாவது பாதி நேரம் ஓடிவிட்டது. ரீல்ஸில் அதற்குள் விரல் தள்ளிவிட்டிருக்கும். வானொலியில் சேனல் மாறியிருக்கும். சாரங் என்றால் ஜனவரி, ஃபெஸ்டெம்பர் என்றால் செப்டம்பர் என்று ஊருக்கே தெரியும். சென்னை ஐஐடிக்கும் திருச்சி என்ஐடிக்கும் விழாவின் பெயரே பாதி விளம்பரம். உங்கள் விழாவின் பெயர் வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்பவருக்குத் தெரியுமா? அவருக்குத் தெரிந்தது அந்தப் பாடகர் பெயர். அது முதல் வரியில் வர வேண்டும்.

மூன்றாவதுதான் பெரிய ஓட்டை. "பிப்ரவரி 19 முதல் 21 வரை" என்கிறீர்கள். பாடகர் எந்த நாள் பாடுகிறார்? "இறுதி நாளில்" என்று ஒருமுறை சொன்னீர்கள், தேதி அதற்கு மூன்று வரி தள்ளி வருகிறது. கேட்பவர் மனதில் 19தான் நிற்கும், முதலில் காதில் விழுந்தது அதுதானே. வியாழக்கிழமை கேட்டில் வந்து நிற்பார். முப்பது போட்டிகளை விளம்பரம் செய்ய வேண்டுமானால் அதற்குத் தனி ஸ்கிரிப்ட் எழுதுங்கள், அதைக் கல்லூரிகளுக்கு அனுப்புங்கள். இதில் ஒரே நாள், ஒரே மாலை. கிழமையையும் சேர்த்துச் சொல்லுங்கள். "சனிக்கிழமை" என்று கேட்டதும் லீவா, வேலையா என்று ஆள் அங்கேயே முடிவு செய்துவிடுவார்.

"சில டிக்கெட்டுகளே மீதம்" என்ற அவசர வரியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். நாளைக்கு.

ஒன்று மட்டும் இப்போதே: 30 விநாடிக்குள் பாட்டு போட்டால் காப்புரிமை கிடையாது என்பது கல்லூரி கல்லூரியாகச் சுற்றும் கதை. சட்டத்தில் அப்படி எந்த விநாடிக் கணக்கும் இல்லை. உங்கள் மாணவர் இசைக்குழுவை வைத்தே பத்து விநாடித் தாளம் ஒன்று பதிவு செய்துகொள்ளுங்கள்.

மேடைப்பொறுப்பு | ஜனவரி 21, மதியம் 1.30

தேதி விஷயம் உண்மையிலேயே கண்ணில் படவில்லை. இன்று வகுப்பில் நாலு பேரிடம் வாசித்துக்காட்டி, பாடகர் என்றைக்கு வருகிறார் என்று கேட்டேன். மூன்று பேர் 19 என்றார்கள்.

சிக்கல்: கல்லூரிப் பெயர் முதலில் வர வேண்டும் என்று நிர்வாகம் சொல்கிறது. ஸ்பான்சர் பெயரும் எங்காவது வர வேண்டும்.

குரல்பதிவு | ஜனவரி 21, மதியம் 2.10

கல்லூரிப் பெயரை இடமாகச் சொல்லுங்கள். "____ கல்லூரி மைதானத்துல" என்றால் பெயரும் வந்துவிட்டது, எங்கே வர வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. நிர்வாகத்திடம் இப்படிக் கேளுங்கள்: முதல் வரியில் கவனிக்காமல் கடந்து போவது நல்லதா, நடுவில் வழி கேட்டு மனதில் வைத்துக்கொள்வது நல்லதா? ஸ்பான்சர் ரீல்ஸில் எழுத்தாக வரட்டும். எஃப்எம்மில் கேட்டே தீருவேன் என்றால் கடைசியில் இரண்டு சொல். ஒப்பந்தத்தில் குரலில் வரும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பல நேரம் பேனர் மட்டும்தான் எழுதியிருக்கும்.

விடுதிவாசி | ஜனவரி 21, இரவு 10.40

நான் வேறு கல்லூரி, பாளையங்கோட்டையில் ஹாஸ்டல். ஒரு விஷயத்தை யாருமே கேட்கவில்லை. நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடியும்? ஆரம்பிக்கும் நேரத்தை எல்லாரும் போடுகிறார்கள். எங்களுக்கு அவுட்பாஸ் வாங்க வேண்டும், வார்டனிடம் திரும்பும் நேரம் எழுத வேண்டும். வீட்டிலிருந்து வருகிற பெண்கள் என்றால் அப்பாவோ அண்ணனோ கூப்பிட வர வேண்டும். போன வருஷம் ஒரு நிகழ்ச்சிக்கு எங்கள் அறையிலிருந்து யாருமே போகவில்லை. டிக்கெட் விலை காரணம் இல்லை. எப்போது முடியும் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

குரல்பதிவு | ஜனவரி 21, இரவு 11.00

இதைச் சேர்த்துவிடுங்கள் தம்பி, கட்டாயம். இதற்குச் சட்டமே துணை இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. வருஷத்தில் சில நாட்களுக்கு மட்டும் அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், உங்கள் விழா அதில் வராது. ஆக எப்படியும் பத்துக்குள் முடித்தாக வேண்டும். "பத்து மணிக்குள்ள முடிஞ்சிடும்" என்று வெளிப்படையாகச் சொன்னால் விடுதிவாசியின் அறையிலிருந்தே நாலு டிக்கெட் போகும்.

சவுண்ட்சர்வீஸ் | ஜனவரி 22, காலை 7.45

ஆட்டோ அறிவிப்பு நம்ம தொழில். தம்பி, ஒரே ஆடியோவை எல்லாத்துக்கும் போடலாம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள்.

ஆட்டோ பஜாரில் போகிறது என்று வையுங்கள். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம். அதாவது விநாடிக்கு நாலு மீட்டர். டவுன் ரத வீதி இரைச்சலில் பேச்சு தெளிவாகப் புரிவது இந்தப் பக்கம் நாற்பது மீட்டர், அந்தப் பக்கம் நாற்பது மீட்டர். எண்பது மீட்டரைக் கடக்க இருபது விநாடி. கடை வாசலில் நிற்பவர் காதில் இருபது விநாடிதான் விழும். அதுவும் எந்த இருபது என்று உங்களுக்குத் தெரியாது. பாதியிலிருந்து கேட்பார். உங்கள் முப்பதில் பெயர் முதல் வரியிலும் தேதி கடைசி வரியிலும் இருந்தால் ஒன்று கேட்டவருக்கு இன்னொன்று கிடைக்காது.

நாங்கள் செய்வது இதுதான். பத்துப் பன்னிரண்டு விநாடியில் முடிகிற ஒரே துண்டு. பெயர், கிழமையோடு தேதி, இடம், டிக்கெட் எங்கே. இரண்டு விநாடி இடைவெளி விட்டு மறுபடி அதே. இருபது விநாடியில் யார் எங்கே நின்றாலும் எல்லாத் தகவலும் காதில் விழுந்துவிடும், முன்பின்னாக விழுந்தாலும் பரவாயில்லை.

பின்னணி இசை வேண்டாம். கூம்பு வழியே அடித்தொனி வராது, பாட்டு கரகரவென்று வந்து குரலை அமுக்கிவிடும். வெறும் குரல்தான் தெளிவு.

போலீஸ் அனுமதி எழுத்தில் வாங்குங்கள், வண்டி எண், பாதை, நேரம் போட்டு. மருத்துவமனை, பள்ளி கல்லூரி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவித்திருப்பார்கள், அங்கே அணைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மற்ற கல்லூரி வாசல்களில் ஆட்டோவை நிறுத்திக் கத்தலாம் என்று நினைத்திருந்தால் அது நடக்காது.

மேடைப்பொறுப்பு | ஜனவரி 22, காலை 9.20

நன்றி அண்ணாச்சி. கல்லூரி வாசல்தான் எங்கள் முதல் திட்டமாக இருந்தது. அங்கே ரீல்ஸும் வகுப்புப் பிரதிநிதிகள் வாட்ஸ்அப்பும் போதும் என்று மாற்றிவிட்டோம். ஆட்டோவுக்குத் தனித் துண்டு எழுதுகிறேன்.

குரல்பதிவு | ஜனவரி 22, இரவு 10.30

சரி, அவசர வரி.

"சில டிக்கெட்டுகளே மீதம்" என்று முதல் நாளே சொல்லப்போகிறீர்கள். விற்பனை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. கேட்பவருக்கு அது தெரியாது என்று நினைக்கிறோம், ஆனால் ரீல்ஸின் கீழேயே உங்கள் கல்லூரிப் பையன் "நேத்துதானே ஓப்பன் பண்ணாங்க" என்று எழுதுவான். அப்புறம் உண்மையிலேயே நூறு டிக்கெட் மிச்சம் இருக்கும்போது சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். இந்த வரி பலிப்பது ஒரே ஒரு முறைதான், அதை முதல் வாரத்திலேயே செலவழிக்காதீர்கள்.

விதியும் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் கொண்டுவந்த வழிகாட்டுதல்களில் வாங்குபவரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். பொய்யான அவசரம் அதில் ஒன்று. இல்லாத பற்றாக்குறையைக் காட்டி வாங்க வைப்பது. "கடைசி 50" என்று மனதில் தோன்றிய எண்ணைப் போடுவது நேராக அதற்குள் வரும்.

ஆனால் அவசரமே இல்லாமல் விட்டால் எல்லாரும் "அப்புறம் பார்க்கலாம்" என்று போய்விடுவார்கள், அதுவும் நிஜம். அதனால் உண்மையான அவசரம் உங்களிடம் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். மைதானத்துக்கு எத்தனை பேருக்கு அனுமதி? அதில் உங்கள் மாணவர்கள் எத்தனை? விலை என்றைக்கு ஏறுகிறது? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லுங்கள்.

மேடைப்பொறுப்பு | ஜனவரி 23, காலை 7.00

அனுமதி 2,500 பேருக்கு. எங்கள் மாணவர்கள் அடையாள அட்டை காட்டி வருகிறார்கள், அவர்களுக்கு 1,500 ஒதுக்கியிருக்கிறோம். வெளியாருக்கு 1,000 டிக்கெட். பிப்ரவரி 8 வரை 299, அப்புறம் 399. நிகழ்ச்சி அன்று வாசலில் விற்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

வேகநடை | ஜனவரி 23, காலை 8.15

நாடு முழுக்க எல்லாரும் "லாஸ்ட் ஃபியூ டிக்கெட்ஸ்" போட்டுத்தான் விற்கிறார்கள், யாரும் கேஸ் போட்டதாகத் தெரியவில்லை. வாசலில் கட்டாயம் விற்க வேண்டும் ப்ரோ. "முதலில் வருபவர்களுக்கு முன்னுரிமை" என்றால் நாலு மணிக்கே கூட்டம் நிற்கும். அந்தக் கூட்டத்தை வீடியோ எடுத்து ஸ்டோரி போட்டால் மீதி டிக்கெட் தானாகப் போகும். அப்புறம் விலை 500ஐத் தாண்டினால் 28 சதவீதம் ஜிஎஸ்டி, கவனம்.

குரல்பதிவு | ஜனவரி 23, இரவு 9.50

ஜிஎஸ்டியில் பாதி சரி. இசை நிகழ்ச்சிக்கு ஆளுக்கு 500 ரூபாய் வரை அனுமதிக் கட்டணத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் போனால் 18 சதவீதம், 28 இல்லை. இவர்கள் விலை 399தான், அந்தக் கவலையே வேண்டாம்.

வாசல் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2023 நவம்பர் 25. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், களமசேரி வளாகம். மாணவர் தொழில்நுட்ப விழாவின் பாட்டு நிகழ்ச்சி, திறந்தவெளி அரங்கம். நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் மழை வந்தது. வெளியே நின்றவர்கள் ஒதுங்குவதற்காக ஒரே நேரத்தில் உள்ளே பாய்ந்தார்கள். படிக்கட்டில் விழுந்து நெரிசலில் 4 பேர் இறந்தார்கள். அதில் 3 பேர் மாணவர்கள். இது நம் விழாக்களைப் போன்ற ஒரு விழாவில் நடந்தது.

விளம்பர வாசகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அங்கே வாசகம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வாசலுக்கு வெளியே கூட்டத்தைச் சேர்த்து நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்பதற்குச் சொல்கிறேன். "முதலில் வருபவர்களுக்கே முன்னுரிமை" என்ற வரி செய்வது அதைத்தான். டிக்கெட் வாங்கியவரையும் வாங்காதவரையும் ஒரே வாசலில், ஒரே நேரத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. இடம் கிடைக்குமா என்ற பயத்தோடு நிற்கிற கூட்டம் அது. மழையோ கரண்ட் கட்டோ வந்தால் போதும்.

அவசரத்தை வாங்குகிற நாளில் வையுங்கள், வருகிற நேரத்தில் வைக்காதீர்கள். "பிப்ரவரி 8 ராத்திரியோட இந்த விலை முடியுது" என்பதும் அவசரம்தான். அதற்காக ஓடுபவர் ஃபோனில்தான் ஓடுவார். "வெளியாருக்கு ஆயிரம் டிக்கெட்தான்" என்பதும் அவசரம்தான், நீங்கள் ஒதுக்கிய கணக்கில் இருக்கிற உண்மையும்கூட. இதற்கெல்லாம் துணையாக "வாசலில் டிக்கெட் கிடையாது" என்று சொல்லுங்கள். சொன்னபடி வாசலில் விற்காமலும் இருங்கள். மூன்றும் நிஜம், மூன்றும் தள்ளிப்போட விடாது, ஒன்றுகூட வாசலில் கூட்டம் சேர்க்காது.

விடுதிவாசி | ஜனவரி 23, இரவு 10.05

டிக்கெட் இருந்தும் உள்ளே போக முடியாத கதை சென்னையிலும் நடந்ததே. 2023 செப்டம்பர் 10, ஈசிஆரில் ரஹ்மான் நிகழ்ச்சி. என் சித்தி மகள் டிக்கெட்டோடு ரோட்டிலேயே நின்றுவிட்டுத் திரும்பினாள். ஆயிரம் டிக்கெட்தான் என்று சொன்னால் ஆயிரத்தோடு நிறுத்துங்கள், ப்ளீஸ்.

குரல்பதிவு | ஜனவரி 23, இரவு 10.20

அதே நிகழ்ச்சியில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். முதலில் ஆகஸ்ட் 12 என்று அறிவித்து, மழையால் செப்டம்பர் 10க்குத் தள்ளினார்கள். தேதி மாறலாம், எல்லாருக்கும் நடக்கும். அதனால் பதிவு செய்யும்போது தேதி வரும் வாக்கியத்தைத் தனித் துண்டாகப் பதியுங்கள். விலை வரியும் தனித் துண்டு. முன்பின் அரை விநாடி அமைதி விடுங்கள். மாற்றம் வந்தால் குரல் கொடுத்தவரை மறுபடி முழுதாக உட்கார வைக்க வேண்டியதில்லை, அந்த ஒரு துண்டை மாற்றி ஒட்டலாம். ஒரே ஆள், ஒரே அறை, வாய்க்கும் மைக்குக்கும் அதே தூரம். இல்லையென்றால் ஒட்டிய இடம் காதில் இடிக்கும்.

மேடைப்பொறுப்பு | ஜனவரி 25, மாலை 5.40

வாசல் விற்பனை வேண்டாம் என்று குழுவில் முடிவாகிவிட்டது. வாதம் நீண்டது, ஆனால் கொச்சி விஷயத்தைச் சொன்னதும் பொருளாளரே சரி என்றார்.

புது ஸ்கிரிப்ட்:

"____ பாட்டை ஃபோன்ல கேட்டிருப்பீங்க. நம்ம திருநெல்வேலியில நேர்ல கேட்க ரெடியா? பிப்ரவரி 21, சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி, ____ கல்லூரி மைதானத்துல பாடகர் ____, கூடவே ____ பேண்ட்! பத்து மணிக்குள்ள முடிஞ்சிடும். டிக்கெட் 299 ரூபாய். பிப்ரவரி 8 ராத்திரியோட இந்த விலை முடியுது, அப்புறம் 399. வெளியாருக்கு ஆயிரம் டிக்கெட்தான். வாசல்ல டிக்கெட் கிடையாது. லிங்க், கல்லூரி இன்ஸ்டா பக்கத்துல. பிப்ரவரி 21, சனிக்கிழமை!"

ஸ்டாப்வாட்ச் 33 காட்டுகிறது. டிஜேயை விட்டுவிட்டேன், அவர் எங்கள் கல்லூரிப் பையன்தான், போஸ்டரில் வருவார். மூன்று விநாடி எங்கே குறைப்பது?

சவுண்ட்சர்வீஸ் | ஜனவரி 25, மாலை 6.15

விலையைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள் தம்பி. இருநூத்தித் தொண்ணூத்தி ஒம்பது. அப்புறம் முந்நூத்தித் தொண்ணூத்தி ஒம்பது. இரண்டுக்குமே நாலு விநாடி போகிறது. முந்நூறு, நானூறு என்றால் ஒரு மூச்சு. தாளில் 299 சின்னதாகத் தெரியும், வாயில் அது நீளம். ஆட்டோவில் போகும்போது அந்த நடுத் தொண்ணூறு காற்றில் போய்விடும், காதில் "ஒம்பது" மட்டும்தான் விழும்.

வேகநடை | ஜனவரி 25, மாலை 6.30

299க்கும் 300க்கும் மனதில் வித்தியாசம் இருக்கிறது, அதற்காகத்தானே கடையெல்லாம் அப்படிப் போடுகிறார்கள். "டூ நைன்ட்டி நைன்" என்று சொல்லலாமே, சின்னதுதானே.

குரல்பதிவு | ஜனவரி 25, இரவு 9.00

கண்ணால் பார்க்கும் விலையில் அந்த வித்தியாசம் இருக்கலாம். காதால் கேட்கும்போது முந்நூறுதான் நிற்கும். ரீல்ஸில் மாணவர்களுக்கு "டூ நைன்ட்டி நைன்" பொருந்தும், அதை ஒத்துக்கொள்கிறேன். டவுனில் ஆட்டோவில் போகும்போது பொருந்தாது. ஆனால் ரீல்ஸில் ஒரு விலை, ஆட்டோவில் ஒரு விலை என்று சொல்ல முடியாது அல்லவா?

இன்னொரு கேள்வி. டிக்கெட் தளத்தில் கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்தீர்களா? தளக் கட்டணம் சேர்ந்து எவ்வளவு காட்டுகிறது?

மேடைப்பொறுப்பு | ஜனவரி 26, காலை 10.10

பார்த்தேன். 299 என்று போட்டால் கட்டும்போது 320க்கு மேல் காட்டுகிறது.

குரல்பதிவு | ஜனவரி 26, காலை 10.45

அப்படியென்றால் விலையை 299 என்று குரலில் சொல்லவே கூடாது. கடைசிப் பக்கத்தில் தொகை ஏறுவதும் நான் சொன்ன அந்த 13இல் ஒன்று. அதைவிட, முந்நூறு ரூபாயை ஜிபேயில் வைத்துக்கொண்டு வந்த மாணவர் அந்த இடத்திலேயே மூடிவிட்டுப் போவார். தளக் கட்டணத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டு, கட்டும் தொகை சரியாக 300 என்று அமையுங்கள். முன்பதிவுத் தளத்தின் அமைப்பிலேயே கட்டணம் யார் தலையில் என்று தேர்வு செய்ய இடம் இருக்கும், தேடிப் பாருங்கள். ஆயிரம் டிக்கெட்டுக்கு எவ்வளவு குறையும் என்று பொருளாளரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள், அவர் கணக்கில் அது வர வேண்டும்.

மேடைப்பொறுப்பு | ஜனவரி 27, இரவு 8.20

அமைப்பில் இருந்தது. இப்போது 300, பிறகு 400, கட்டுவதும் அதேதான். "முந்நூறு ரூபாய், எல்லாம் சேர்த்து" என்று மாற்றி வாசித்தால் 30க்குள் வந்துவிட்டது.

ஆட்டோவுக்கு இப்படி: "பாடகர் ____ நம்ம ஊர்ல! பிப்ரவரி 21, சனிக்கிழமை, ____ கல்லூரி மைதானம். டிக்கெட் முந்நூறு ரூபாய், ஆன்லைன்ல மட்டும்." இதை இடைவெளி விட்டு ஓட்டுவதாக அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். பாடகர் தரப்பில் முன்பணம் போய், பெயர் பயன்படுத்த எழுத்தில் ஒப்புதல் வந்துவிட்டது. பேண்ட் தரப்பில் இன்னும் வரவில்லை. அதுவரை "மேலும் பலர்" என்று போடலாமா?

குரல்பதிவு | ஜனவரி 27, இரவு 9.15

வேண்டாம். "மேலும் பலர்" என்று கேட்பவர் தனக்குப் பிடித்தவரைக் கற்பனை செய்துகொள்வார், வந்து பார்த்து ஏமாறுவார். பாடகர் ஒருவரோடு வெளியிடுங்கள். பேண்ட் உறுதியானதும் அந்த ஒரு துண்டைச் சேர்த்து மறுபடி விடுங்கள், அதுவே இன்னொரு அறிவிப்பாகிவிடும்.

கச்சேரிப்பிரியன் | ஜனவரி 28, காலை 6.10

எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு ஒரே சந்தேகம். ஆறு மணி என்று சொல்கிறீர்கள். எங்கள் சபாவில் ஆறேகால் என்றால் ஆறேகாலுக்குத் தம்பூரா கேட்கும். கல்லூரி நிகழ்ச்சிகளில் ஆறு என்று போட்டு எட்டு மணிக்குப் பாடகர் மேடை ஏறுகிறார். என் பேரன் இப்போதெல்லாம் ஏழரைக்குத்தான் கிளம்புகிறான். ஆறு என்பது வாசல் திறக்கும் நேரமா, பாட்டு ஆரம்பிக்கும் நேரமா?

மேடைப்பொறுப்பு | ஜனவரி 28, காலை 8.30

ஐயா, வாசல் திறப்பது ஐந்து. ஆறுக்கு மாணவர் இசைக்குழு. பாடகர் ஏழரை. மூன்றையும் குரலில் சொல்ல இடமில்லை.

சவுண்ட்சர்வீஸ் | ஜனவரி 28, காலை 9.00

ஏழரை என்று சொன்னால் எல்லாரும் ஏழு இருபதுக்குத்தான் வருவார்கள் தம்பி. 2,500 பேர் ஒரே நேரத்தில் கேட்டில். ஆறு என்றே இருக்கட்டும்.

விடுதிவாசி | ஜனவரி 28, மதியம் 12.50

ஆனால் ஆறு என்று நம்பி வந்து ஒன்றரை மணி நேரம் காத்திருந்தால் அதுவும் ஏமாற்றுவது மாதிரிதானே? டிக்கெட்டிலாவது பாடகர் ஏழரை என்று அச்சிடுங்கள்.

குரல்பதிவு | ஜனவரி 28, இரவு 10.00

இதில் எனக்கே இரண்டு மனம். குரலில் ஆறு, டிக்கெட்டில் மூன்று நேரமும் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். ஆனால் டிக்கெட்டைப் படிப்பவர்கள் ஏழு இருபதுக்குத்தான் வருவார்கள், அண்ணாச்சி சொன்ன நெருக்கடி அப்படியே நிற்கும். ஆறுக்குப் பாடும் மாணவர் குழுவின் பெயரையும் விளம்பரத்தில் சேர்த்து, முன்னாடி வருவதற்கு ஒரு காரணம் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் நண்பர்களாவது ஆறுக்கு வருவார்கள்.

மேடைப்பொறுப்பு | பிப்ரவரி 9, காலை 7.30

நேற்று இரவோடு முந்நூறு ரூபாய் விலை முடிந்தது. வெளியார் டிக்கெட் 640 போயிருக்கிறது. பெரும்பகுதி கடைசி இரண்டு நாளில். பேண்ட் ஒப்புதலும் வந்துவிட்டது.

விலைத் துண்டை மாற்றி, பேண்ட் பெயரைச் சேர்த்து இன்று மதியம் புதிதாக விடுகிறோம்: "டிக்கெட் நானூறு ரூபாய், எல்லாம் சேர்த்து. ஆயிரத்துல முந்நூத்தி அறுபதுதான் மிச்சம். வாசல்ல டிக்கெட் கிடையாது." அந்த எண்ணைத் தினமும் காலையில் தளத்தில் பார்த்து மாற்ற ஒரு ஜூனியரை வைத்திருக்கிறேன்.

குரல்பதிவு | பிப்ரவரி 9, காலை 8.00

ஆடியோவில் எண் வேண்டாம், அது எஃப்எம்மில் மூன்று நாள் ஓடும், அதற்குள் பழசாகிவிடும். ஆடியோவில் "பாதிக்கு மேல வித்தாச்சு" என்று சொல்லுங்கள், அது இனி மாறாது. எண்ணை ஸ்டோரியில் எழுத்தாகத் தினமும் போடுங்கள். டிக்கெட் தீர்ந்த அன்று எஃப்எம் ஸ்பாட்டையும் ஆட்டோவையும் நிறுத்த யாருக்குப் ஃபோன் செய்ய வேண்டும் என்று இப்போதே எழுதி வையுங்கள்.